ஏற்காட்டில் 38 லட்ச ரூபாய் டெண்டர்: அறிவிப்பை எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: சேலத்தில் சின்னச் சின்ன சிவில் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். ஏற்காடு மலைச்சாலை ஓரம் தடுப்புச் சுவரும் ஒரு சிறுபாலமும் கட்டும் டெண்டர் வந்திருக்கிறது, மதிப்பு ரூ.38.40 லட்சம். தகுதி, கடைசித் தேதி, இ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை, எதை வைத்து முடிவு செய்வார்கள் என்பதையெல்லாம் எப்படிப் பிரித்து எழுதிக்கொள்வது? என் கைவசம் பள்ளிச் சுற்றுச்சுவர் கட்டிய 18 லட்ச வேலை ஒன்றும், மழைநீர் வடிகாலோடு சிறுபாலம் சேர்ந்த ரூ.17.10 லட்ச வேலை ஒன்றும் இருக்கின்றன. நான் போடலாமா? அறிவிப்பையும் தகுதிப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

உங்கள் 18 லட்ச வேலை இந்த டெண்டருக்கு உதவாது. ரூ.17.10 லட்ச வேலை உதவலாம், ஆனால் அது இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது. அந்த இரண்டையும், டெண்டர் போடுகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்க்க 15-ஆம் தேதி நடக்கும் முன்கூட்டத்துக்குள் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். மற்றதெல்லாம் உங்களால் சமாளிக்கக்கூடியதே.

பெரும்பாலானவர்கள் அறிவிப்பைக் கையில் எடுத்ததும் வேலையின் மதிப்பையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு நேராக ரேட் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். ரேட் கடைசியில் வரட்டும். முதலில் பார்க்க வேண்டியது முன் அனுபவம் பற்றிய பத்தி. மற்ற காகிதங்களைப் பணம் கொடுத்தோ ஓடியாடியோ வாங்கிவிடலாம். முடித்த வேலையை மட்டும் இரண்டு வாரத்தில் உண்டாக்க முடியாது. அது இல்லையென்றால் மிச்சத்தைப் படிக்கவே வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் அந்த நிபந்தனை இப்படி இருக்கிறது: கடந்த 5 நிதியாண்டுகளில், டெண்டர் மதிப்பில் 40 சதவீதத்துக்குக் குறையாத, இதே தன்மையுள்ள ஒரு வேலையை முதன்மை ஒப்பந்ததாரராகச் செய்து முடித்திருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான், ஆனால் உள்ளே ஐந்து நிபந்தனைகள் இருக்கின்றன. காலம், தொகை, தன்மை, யார் பெயரில் எடுத்தது, முடிந்ததா இல்லையா. இந்த ஐந்தையும் தனித்தனி வரியாக எழுதி, எதிரே உங்கள் வேலையை வைத்துப் பாருங்கள். ஒன்று தவறினாலும் முழு நிபந்தனையும் தவறியதாகத்தான் கணக்கு.

காலத்தில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றே தெரிகிறது. ஆனாலும் வேலை ஆரம்பித்த தேதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். முடித்த தேதி அந்த 5 ஆண்டுகளுக்குள் வர வேண்டும். நடப்பு நிதியாண்டு அந்த ஐந்தில் சேருமா சேராதா என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதன்மை ஒப்பந்ததாரர் என்பதும் முக்கியம். வேறொருவர் எடுத்த வேலையை நீங்கள் முழுக்கச் செய்திருந்தாலும், துறையோடு ஒப்பந்தம் உங்கள் பெயரில் இல்லையென்றால் அது இங்கே கணக்கில் வராது.

அடுத்தது தன்மை. உங்கள் சுற்றுச்சுவர் இங்கேதான் அடிபடுகிறது. இதே தன்மையுள்ள வேலை எது என்பதற்கு அந்தப் பக்கத்திலேயே விளக்கம் தந்திருக்கிறார்கள்: கான்கிரீட்டிலோ கருங்கல் கட்டுமானத்திலோ கட்டிய தடுப்புச் சுவர், சிறுபாலம், பாலம். சுற்றுச்சுவரும் சுவர்தானே என்று வாதாட வேண்டாம். சுற்றுச்சுவர் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். தடுப்புச் சுவர் மலைச்சரிவின் மண்ணையும் அதற்குள் ஊறும் தண்ணீரின் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அதனால்தான் அதற்கு அடியில் அகலம், பின்னால் கல் நிரப்பு, சுவரில் நீர் வடியத் துளைகள் எல்லாம் இருக்கின்றன. கவரைத் திறந்து பார்க்கும் பொறியாளருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 18 லட்சம் என்ற தொகை பெரிதாக இருக்கிறதே என்று அந்தச் சான்றிதழை முன்னால் வைத்தால், உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது ரூ.17.10 லட்ச வேலைக்கு வருவோம். 38,40,000 ரூபாயில் 40 சதவீதம் ரூ.15,36,000. மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் வேலை தாண்டிவிடுகிறது. ஆனால் இதில் இரண்டு இடத்தில் கால் இடறலாம்.

முதலாவது, அந்த ரூ.17.10 லட்சத்தில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா? இந்த டெண்டரின் மதிப்பை ஜி.எஸ்.டி. நீங்கலாகக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் முடிவுச் சான்றிதழில் இருப்பது வரியோடு சேர்ந்த தொகையானால், ஒப்பிடும்போது வரியைக் கழித்துப் பார்க்க இடம் இருக்கிறது. 18 சதவீத வரி போட்ட பில் என்றால் வேலையின் மதிப்பு ரூ.14,49,153 ஆகிவிடும். 2022 ஜூலைக்கு முந்தைய 12 சதவீத பில் என்றால் ரூ.15,26,786. இரண்டுமே 15,36,000-க்குக் கீழே. பழைய கணக்கில் வெறும் ஒன்பதாயிரம் ரூபாய் குறைகிறது, ஆனாலும் குறைவு குறைவுதான். எனவே முதல் வேலையாக அந்த வேலையின் இறுதி பில்லை எடுத்துப் பாருங்கள். ரூ.17.10 லட்சம் வரி இல்லாத தொகை என்றால் நிம்மதி. வரியோடு சேர்ந்தது என்றால், பழைய வேலைகளின் மதிப்பை இன்றைய விலைக்கு உயர்த்திக் கணக்கிட இந்த டெண்டர் ஆவணத்தில் அட்டவணை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சில ஆவணங்களில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கூட்டிக்கொள்ள அனுமதிப்பார்கள். அது இருந்தால் நீங்கள் தேற வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துப் பார்ப்பார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, அந்த வேலையில் வடிகால் எவ்வளவு, சிறுபாலம் எவ்வளவு? ஒப்பந்தம் ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். ஆனால் விளக்கத்தில் வடிகால் என்ற சொல் இல்லை. அலுவலர் கொஞ்சம் கண்டிப்பானவராக இருந்தால் சிறுபாலத்தின் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லலாம். சிறுபாலம் 7, 8 லட்சம்தான் வந்திருக்கும் என்றால் நீங்கள் வெளியே. இதில் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அலுவலகத்தில் தெரிந்தவர் "அதெல்லாம் எடுத்துக்குவாங்க, போடுங்க" என்று சொல்லியிருக்கலாம். கவர் திறக்கும் நாளில் அவர் அந்த மேசையில் இருக்க மாட்டார்.

எனவே முன்கூட்டத்துக்கு முன்பே இப்படி எழுதிக் கொடுங்கள்: "மழைநீர் வடிகாலும் சிறுபாலமும் ஒரே ஒப்பந்தத்தில் செய்யப்பட்டிருந்தால், ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு இதே தன்மையுள்ள வேலையாக ஏற்கப்படுமா, சிறுபாலத்தின் பங்கு மட்டும் ஏற்கப்படுமா? முடிவுச் சான்றிதழில் உள்ள தொகை ஜி.எஸ்.டி. உட்பட எடுத்துக்கொள்ளப்படுமா?" உங்கள் பெயரையோ வேலையின் பெயரையோ அதில் இழுக்காதீர்கள். பொதுவாகக் கேட்டால்தான் பொதுவான பதிலாக, எல்லோருக்கும் பொருந்தும்படி வெளியிடுவார்கள். அப்படி வெளியிட்ட பதில் டெண்டர் ஆவணத்தின் ஒரு பகுதி ஆகிவிடும். பிறகு யாரும் அதை மாற்றிப் பேச முடியாது.

சான்றிதழைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் கையெழுத்து வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறது. சிறிய வேலைகளுக்கு உதவிச் செயற்பொறியாளர் கையெழுத்தோடு முடித்துக்கொள்வது வழக்கம். உங்களுடையது அப்படி இருந்தால் இன்றே போய் மேலொப்பம் கேளுங்கள். அந்த அலுவலகத்தில் கோப்பைத் தேடி எடுக்கவே ஒரு வாரம் போகும். சான்றிதழில் வேலையின் பெயர், ஒப்பந்த எண், ஆரம்பித்த தேதி, முடித்த தேதி, இறுதி மதிப்பு இந்த ஐந்தும் இருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தொகை மட்டும் போட்ட சான்றிதழை ஏற்க மாட்டார்கள்.

மற்ற தகுதிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பதிவு: அறிவிப்பில் சொன்ன வகுப்பிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், டெண்டர் போடும் நாளில் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதை வைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அதை ஏற்பார்களா என்று பாருங்கள். ஆண்டு வரவு: கடந்த 3 ஆண்டுகளின் சராசரி, டெண்டர் மதிப்பில் பாதி, அதாவது ரூ.19,20,000. ஆடிட்டர் சான்றிதழில் யு.டி.ஐ.என். எண் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம், எண் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம். அப்புறம் ஜி.எஸ்.டி. பதிவு, பான், கருப்புப் பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழி, கலவை இயந்திரமும் வைப்ரேட்டரும் சொந்தமாகவோ வாடகைக்கோ இருப்பதற்கு அத்தாட்சி. வாடகை என்றால் ஒப்பந்தக் கடிதத்தில் இந்த வேலையின் பெயர் வர வேண்டும்.

இனி தேதிகள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல். அந்த விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். உங்களுடையது 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெளியாகி, 26-ஆம் தேதி திங்கட்கிழமை மாலை 3 மணிக்கு முடிகிறது. 17 நாள் என்று பார்த்தால் தாராளமாகத் தெரியும். உண்மையில் உங்கள் கையில் இருப்பது எத்தனை நாள் என்று பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள்.

26 திங்கள். 25 ஞாயிறு. 24 நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. இ.எம்.டி.க்கு டி.டி. எடுப்பதானால் 23 வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வங்கியில் முடிந்திருக்க வேண்டும். அறிவிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. டி.டி.யின் அசல் 26-ஆம் தேதி 3 மணிக்குள் அலுவலகத்துக்கு நேரில் வந்து சேர வேண்டும். கணினியில் ஸ்கேன் ஏற்றினால் மட்டும் போதாது. ஆகவே அந்தத் திங்கட்கிழமை உங்களுக்கு இரண்டு வேலை, ஒன்று கணினியில், ஒன்று அலுவலகத்தில். இரண்டையும் ஒரே ஆள் 3 மணிக்குள் செய்ய நினைத்தால் ஒன்று கண்டிப்பாகத் தவறும். கணினி வேலையை வெள்ளி, சனியிலேயே முடித்துவிட்டுத் திங்கள் காலை உறையோடு அலுவலகம் போய், வரவேட்டில் நேரம் போட்டு ரசீது வாங்குங்கள்.

tntenders.gov.in தளத்தில் டெண்டர் எண்ணைப் போட்டுத் திறந்தால் `Critical Dates` என்ற பகுதி வரும். அதில் `Bid Submission End Date`, `Bid Opening Date` இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அச்சு அறிவிப்பில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறுபட்டால் யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் எழுத்தில் கேளுங்கள். கீழே `Latest Corrigendum List` என்று ஒன்று இருக்கும். திருத்த அறிவிப்பு வந்தால் அங்கேதான் தெரியும், செய்தித்தாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. தேதி, தகுதி, அளவுப் பட்டியல் எது வேண்டுமானாலும் அதில் மாறலாம். அளவுப் பட்டியல் மாறினால் பழைய `BOQ` கோப்பில் போட்ட ரேட் செல்லாது, புதியதை இறக்கித்தான் நிரப்ப வேண்டும். அந்தக் கோப்பின் பெயரையும் மாற்றக் கூடாது, மாற்றினால் தளம் ஏற்காது.

நேரத்தைக் கணக்கிடுவது தளத்தின் கடிகாரம். உங்கள் செல்போன் 2:58 காட்டி, தளம் 3:00 காட்டினால் முடிந்தது. எல்லாக் காகிதத்தையும் ஏற்றிய பிறகு கடைசியாக `Freeze Bid` கொடுக்கும் வரை உங்கள் டெண்டர் போய்ச் சேரவில்லை. ஏற்றிவிட்டோம் என்று நினைத்துக் கணினியை மூடிவிடுகிறவர்களுக்கு இந்தக் கடைசிப் படியில்தான் போய்விடுகிறது. ஒப்புதல் எண்ணோடு வரும் பக்கத்தை அச்செடுத்து வைத்தால்தான் முடிந்ததாக அர்த்தம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் காலாவதித் தேதியையும் இந்த வாரமே பாருங்கள். இ-டெண்டருக்கு வேண்டியது வகுப்பு 3 கையொப்பம், காலாவதியாகியிருந்தால் புதியது எடுக்க ஓரிரு நாளாகும்.

இன்னும் இரண்டு எண்கள் தேதிக் கணக்கில் சேர வேண்டியவை. ஒன்று `Bid Validity(Days)`, உங்களுக்கு 90 நாள். கவர் திறப்பது செப்டம்பர் 27-ஆம் தேதி. அதிலிருந்து 90 நாள் என்றால் டிசம்பர் 26 வரை நீங்கள் போட்ட ரேட்டில் நீங்கள் கட்டுப்பட்டவர். மற்றொன்று `Period Of Work(Days)`, 120 நாள். இங்கே மலையை மறந்துவிடாதீர்கள். அக்டோபர் நடுவில் வேலை உத்தரவு வந்தால் வடகிழக்குப் பருவமழை முழுக்க உங்கள் 120 நாளுக்குள் வந்துவிடும். சரிவை வெட்டி அடித்தளம் தோண்டும் வேலை அது. மழையில் தோண்டிய பள்ளத்துக்குள் மண் சரிந்தால் மறுபடி அள்ளும் கூலி யார் கணக்கில் என்று யோசியுங்கள். மழை நாளுக்குக் கால நீட்டிப்பு உண்டா, அதற்கு விண்ணப்பிக்க எத்தனை நாள் கெடு, தாமதத்துக்கு அபராதம் எவ்வளவு, இந்த மூன்றும் அறிவிப்பில் இருக்காது. ஆவணத்தின் ஒப்பந்த நிபந்தனைகளில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இ.எம்.டி. ரூ.38,400, சரியாக 1 சதவீதம். மாநில விதிகளிலும் சாதாரணமாக 1 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. தொகையில் யாரும் தவறு செய்வதில்லை. எந்த வடிவில், யார் பெயருக்கு, எந்த ஊரில் செல்லத்தக்கதாக என்பதில்தான் தவறுகிறார்கள். திரையில் `EMD Payable To`, `EMD Payable At` என்று இரண்டு வரிகள் இருக்கும். அதில் உள்ள பதவிப் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே வங்கியில் கொடுங்கள். உங்கள் அறிவிப்பில் சேலத்தில் செல்லத்தக்கது என்று இருக்கிறது. வேலை ஏற்காட்டில் நடக்கிறதே என்று வங்கி எழுத்தர் ஏற்காடு என்று போட்டுவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

2018 செப்டம்பர் முதல் டி.டி.யின் முகப்பில் வாங்கியவர் பெயரும் அச்சாகிறது. வீட்டில் வேறொருவர் கணக்கிலிருந்து எடுத்தால் அவர் பெயர் வரும். டெண்டர் உங்கள் நிறுவனத்தின் பெயரில், டி.டி. தம்பியின் பெயரில் என்றால் வீண் கேள்வி எழும். உங்கள் நடப்புக் கணக்கிலிருந்தே எடுங்கள். டி.டி. 3 மாதம்தான் செல்லும் என்பதையும் கவனியுங்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுத்து, வேறு டெண்டரிலிருந்து திரும்பி வந்த பழைய டி.டி.யை இதற்கு வைக்க முடியாது. வங்கி உத்தரவாதமும் ஏற்பார்கள் என்று போட்டிருக்கிறது, ஆனால் 135 நாள் செல்லுபடி கேட்கிறார்கள். 38,400 ரூபாய்க்கு வங்கியில் அந்த அலைச்சல் தேவையில்லை.

உத்யம் பதிவு இருப்பதால் இ.எம்.டி. கட்ட வேண்டாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மத்திய அரசின் சிறு, குறு நிறுவனக் கொள்முதல் கொள்கை பொருளுக்கும் சேவைக்கும் உரியது, கட்டுமான ஒப்பந்தத்துக்கு அது பொருந்துவதில்லை. இங்கே `EMD Exemption Allowed` என்ற வரியில் `No` என்று இருக்கிறது. அதோடு பேச்சு முடிந்தது.

இ.எம்.டி. எப்போது பறிபோகும் என்பதையும் தாளில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். தகுதியில் தோற்றாலோ ரேட்டில் தோற்றாலோ பணம் திரும்பி வரும். 90 நாளுக்குள் பின்வாங்கினால், கிடைத்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தால், செக்யூரிட்டி டெபாசிட் கட்டாவிட்டால் போய்விடும். ஆக, போட்டுப் பார்ப்போம் என்று கட்டுப்படியாகாத ரேட் போடுவதில்தான் ஆபத்து.

கடைசியாக, எதை வைத்துத் தேர்வு செய்வார்கள் என்பது. இது இரண்டு கவர் டெண்டர். முதல் கவரில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். பெரிய அனுபவம் இருக்கிறது என்று கூடுதலாகப் பத்துச் சான்றிதழ் வைப்பதால் ஒரு பயனும் இல்லை. கேட்ட காகிதம் கேட்ட வடிவில் இருந்தால் போதும். தேறியவர்களின் இரண்டாவது கவரை மட்டும் திறந்து, மொத்தத் தொகை குறைந்தவரை எடுப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ரேட் போடும் முறை என்றாலும் ஒப்பிடுவது மொத்தத்தைத்தான். பேரம் பேசுவதென்றால் குறைந்த தொகை போட்டவரோடு மட்டும்தான் பேசுவார்கள்.

இங்கே அறிவிப்பில் சின்ன எழுத்தில் உள்ள கூடுதல் செக்யூரிட்டி டெபாசிட் நிபந்தனையை உன்னிப்பாகப் படியுங்கள். உங்கள் ரேட் மதிப்பீட்டைவிட 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்தால், மதிப்பீட்டில் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 15 சதவீதத்தைத் தாண்டிக் குறைந்தால், குறைத்த தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். இதோடு வழக்கமான டெபாசிட் ஒப்பந்தத் தொகையில் 2 சதவீதம், அதில் இ.எம்.டி. கழியும். ஏற்பாணை வந்த 15 நாளுக்குள் கட்டியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 சதவீதம் குறைத்துப் போடுகிறீர்கள் என்றால் தொகை ரூ.33,79,200. டெபாசிட் 67,584, இ.எம்.டி. போக மிச்சம் 29,184. கூடுதல் டெபாசிட் 76,800. ஆக மொத்தம் ரூ.1,05,984 புதிதாகப் புரட்ட வேண்டும். போட்டி அதிகம் என்று 18 சதவீதம் குறைத்தால் தொகை ரூ.31,48,800. டெபாசிட் மிச்சம் 24,576. குறைத்தது 6,91,200, அதில் பாதி 3,45,600. மொத்தம் ரூ.3,70,176. வேலையும் 2.3 லட்சம் மலிவாகிவிட்டது, கையிலிருந்து கூடுதலாக 2.64 லட்சமும் முடங்கிவிட்டது. 15 சதவீதக் கோட்டை அரை சதவீதம் தாண்டினாலும் இந்தத் தாவல் வந்துவிடும். ரேட்டை இறுதி செய்யும்போது அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்து நில்லுங்கள்.

அதற்கு மேல் ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்து வைப்பார்கள், வருமான வரி தனிநபருக்கு 1 சதவீதம், ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். ஜி.எஸ்.டி. பிடித்தம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும், வருமான வரியும் கணக்குத் தாக்கலில் சரியாகும். ஆனால் சிமென்ட் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய வாரத்தில் அது கையில் இருக்காது.

ரேட்டைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சமவெளியில் வேலை செய்து பழகியவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. மதிப்பீட்டில் ஜல்லியும் எம்-சாண்டும் எந்தத் தூரத்திலிருந்து வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று ஆவணத்தில் தேடுங்கள். கிரஷர் கீழே இருக்கிறது, வேலை மேலே இருக்கிறது, நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஒரு நாளில் நாலு நடை அடிக்கும் டிப்பர் மேலே ஏறி இறங்கி அதில் பாதிகூட அடிக்காது. வேலை நடக்கும் இடத்துக்குப் போகும் கடைசிக் கிலோமீட்டரில் டிப்பர் திரும்ப இடம் இருக்கிறதா, இல்லையென்றால் சின்ன வண்டிக்கு மாற்றி ஏற்றும் கூலி எவ்வளவு என்பது நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மலைப்பகுதிக் கூடுதல் மதிப்பீட்டு ரேட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். இடத்தைப் பார்த்தேன், நிலவரம் தெரிந்துகொண்டேன் என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்கிறீர்கள். பின்னால் பாதை குறுகல் என்று கூடுதல் கேட்க முடியாது.

இவ்வளவையும் ஒரே தாளில் நாலு பத்தியாகக் கோடு போட்டு எழுதலாம்: என்ன கேட்கிறார்கள், எந்தப் பக்கம், என்னிடம் என்ன இருக்கிறது, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும். உங்கள் தாளில் சில வரிகள் இப்படி வரும்.

முன் அனுபவம் 15,36,000; தகுதிப் பக்கம்; வடிகால் + சிறுபாலம் 17.10, இறுதி பில் பார்க்க, 15-க்குள் கேள்வி.
சான்றிதழ் கையெழுத்து, தகுதிப் பக்கம், யார் போட்டது என்று பார்க்க, மேலொப்பம் இந்த வாரம்.
இ.எம்.டி. 38,400, அறிவிப்பு, இன்னும் இல்லை, 23 மதியம் டி.டி., 26 காலை அசல்.
கூடுதல் டெபாசிட், அறிவிப்பு, 12 சதவீதம் என்றால் மொத்தம் 1.06 லட்சம், வங்கியில் பேச.

மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் வரிகள்தான் உங்கள் அடுத்த இரண்டு வாரத்து வேலை.

கேள்விக்கு அலுவலகம் பதிலே தராவிட்டால்? போடலாம். தகுதியில் தள்ளினாலும் இ.எம்.டி. திரும்பி வரும், போவது டி.டி. கமிஷனும் உங்கள் நேரமும்தான். அப்போது சான்றிதழோடு அந்த வேலையின் இறுதி பில் சுருக்கத்தையும் வைத்துவிடுங்கள், சிறுபாலத்தின் பங்கை மறைக்காமல். தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெண்டரை ஏற்கும் அலுவலரின் ஆணை கைக்கு வந்த 10 நாளுக்குள் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். நீங்கள் 15-ஆம் தேதி கொடுத்த கேள்வியின் நகலும், அதில் அலுவலக முத்திரையும் அப்போது தேவைப்படும்.